பதினைந்து பேரும் எழுதட்டும்

ஜனவரி வந்துவிட்டால் பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு முன்னறையில் ஞாயிற்றுக்கிழமை காலைகள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொந்தம். எல்லாம் சுற்றுவட்டாரத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள். பாடம் ஆங்கிலத்தில், சண்டை தமிழில், சமாதானம் கன்னடத்தில். சிபிஎஸ்இ பொதுத்தேர்வு பிப்ரவரி நடுவில் தொடங்கிவிடும் என்பதால் இந்த நேரத்தில் புதிதாகக் கற்பிக்க எதுவும் இருக்காது. நடத்தியதைத் திருப்ப வேண்டும். திருப்புதல் என்றதும் பிள்ளைகள் ஒரே குரலில் கேட்பது வினாடி வினா.

கேட்பதில் தவறில்லை. ஆனால் அவர்கள் மனதில் இருப்பது தொலைக்காட்சியில் பார்த்த வடிவம். நான்கு அணிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒரு அணியிடம் கேள்வி போகும், தெரியாவிட்டால் அடுத்த அணிக்குத் தாவும். அந்த வடிவத்தை உற்றுக் கவனித்தால், ஒரு கேள்விக்கு உண்மையில் யோசிப்பவர் ஒருவர், மிஞ்சிப்போனால் இருவர். மற்றவர்கள் பார்வையாளர்கள். இன்னார் பதில் சொல்லிவிடுவார் என்று தெரிந்தபின் அந்த அணியிலேயே மற்ற மூவரும் மேல்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒன்றரை மணி நேரம் ஓடிய ஆட்டத்தில் ஒரு பிள்ளை இரண்டு கேள்விக்கு மட்டுமே மூளையைக் கசக்கியிருக்கும்.

திருப்புதலுக்கு இது போதாது. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் செய்து பார்த்த சோதனை இப்போது ஆசிரியர்களிடையே பரவலாகத் தெரிந்தது. ஒரு கூட்டத்தார் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு கூட்டத்தார் படித்துவிட்டு, புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். நினைவிலிருந்து தோண்டி எடுக்கும் அந்த முயற்சியே பயிற்சி. அப்படியானால் ஒவ்வொரு கேள்விக்கும் ஒவ்வொரு பிள்ளையும் தோண்ட வேண்டும். நான் ஆட்டத்தைத் திட்டமிடும்போது மற்ற எல்லா விதிகளும் இந்த ஒன்றுக்கு அடங்கியே வரும். சுவாரசியம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

கேள்வி தாவும் வடிவத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. உட்காரும் இடம் மதிப்பெண்ணைத் தீர்மானிக்கும். வலுக்குறைந்த அணிக்கு அடுத்த நாற்காலியில் இருப்பவர்களுக்குத் தாவி வரும் கேள்விகள் நிறையக் கிடைக்கும். பெங்களூரு இதை நன்றாக அறிந்த ஊர். கர்நாடக வினாடி வினா சங்கம் 1983 முதல் இங்கே இயங்குகிறது, பெரியவர்கள் வேலை முடிந்து வந்து வினாடி வினா ஆடும் ஊர் இது. இந்த வட்டாரத்தில் வழங்கும் 'இன்ஃபினிட் பவுன்ஸ்' விதிப்படி, ஒரு கேள்விக்கு எந்த அணி விடை சொன்னதோ அதற்கு அடுத்த அணியிடமிருந்து புதிய கேள்வி தொடங்கும். பாதி ஆட்டத்துக்குப் பின் சுற்றும் திசையையும் திருப்பிவிடுவார்கள். நாற்காலியின் அநியாயம் பெருமளவு குறையும். கூடவே, பாய்ந்து பிடிப்பது என்ற பொருளில் ஆங்கிலத்தில் 'pounce' எனப்படும் இன்னொரு விதியும் உண்டு: தன் முறை வருமுன்பே ஒரு அணி விடையை எழுதிக் கொடுத்துப் பந்தயம் கட்டலாம், தவறினால் மதிப்பெண் போகும். இவை போட்டிக்கு அருமையான விதிகள். என் பிள்ளைகளுக்கு வேண்டியது அதைவிட எளிது. எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதினால் முறை என்ற ஒன்றே இருக்காது, நாற்காலிக்கும் வேலை இல்லை.

இனி ஒரு குறிப்பிட்ட ஆட்டத்தைப் பற்றியே சொல்கிறேன். பாடம், மின்சாரம். எதிர்பார்த்தது பதினாறு பேர், வந்தது பதினைந்து.

முதலில் அணி பிரிக்க வேண்டும். பிள்ளைகளையே பிரித்துக்கொள்ளச் சொன்னால் நண்பர்கள் ஒட்டிக்கொள்வார்கள், ஒரு மூலையில் முதல் மூன்று மதிப்பெண்காரர்களும் கூடிவிடுவார்கள். தலைவர்களை வைத்துப் பொறுக்கச் சொல்வது இன்னும் மோசம். கடைசியில் பொறுக்கப்படும் பிள்ளையின் முகத்தை ஒருமுறை பார்த்தவர்கள் அதைச் செய்யமாட்டார்கள். நான் சென்ற தேர்வு மதிப்பெண்படி ஒரு வரிசைப் பட்டியல் போட்டு, பாம்பு வளைவது போல் பிரிப்பேன். பதினாறு பேர் என்றால் முதல் நால்வர் இடமிருந்து வலமாக, அடுத்த நால்வர் வலமிருந்து இடமாக, இப்படியே கீழே இறங்க வேண்டும். ஒரு அணியில் 1, 8, 9, 16 ஆகிய இடத்தார் வருவார்கள், அடுத்ததில் 2, 7, 10, 15. பிறகு 3, 6, 11, 14. கடைசியாக 4, 5, 12, 13. எந்த அணியைக் கூட்டினாலும் 34. எளிமையான, அழகான ஏற்பாடு.

ஒருவர் வராவிட்டால் இந்த அழகு குலைந்துவிடும். பதினைந்து பேரை அதே வளைவில் பிரித்தால் முதல் அணியில் 1, 8, 9 மட்டும் இருப்பார்கள். அவர்களுடைய சராசரி இடம் 6. மற்ற மூன்று அணிகளுக்கும் சராசரி எட்டரை. ஆள் குறைவு என்று நாம் இரக்கப்படும் அணிதான் அங்கே பலமான அணி. பதினைந்து பேரின் நடு இடம் 8. எனவே மூவர் அணியின் சராசரியும் 8 ஆக இருக்க வேண்டும். 4, 8, 12 ஆகிய மூவரைச் சேர்த்தால் சரியாக 8 வரும். மீதமுள்ள பன்னிருவரை 1, 7, 9, 15 என்றும், 2, 6, 10, 14 என்றும், 3, 5, 11, 13 என்றும் பிரித்தால் ஒவ்வொன்றின் கூட்டுத்தொகையும் 32, சராசரி 8. இதைக் காகிதத்தில் போட ஐந்து நிமிடம் ஆகும். பதினான்கு பேர், பதின்மூன்று பேர் வந்தாலும் வழி இதுதான்: முதலில் சிறிய அணிகளின் சராசரியை நடு இடத்திலோ அதை ஒட்டியோ நிறுத்திவிட்டு, பிறகு மற்றவர்களைப் பங்கிட வேண்டும்.

இதில் ஒரு எச்சரிக்கை. இடம் வேறு, மதிப்பெண் வேறு. எண்பதுக்கு முதலாமவர் 78, இரண்டாமவர் 61 என்றால் அவர்களுக்கிடையே உள்ள பள்ளம் இடவரிசையில் தெரியாது. பிரித்து முடித்ததும் மதிப்பெண்களையும் ஒருமுறை கூட்டிப் பார்த்து, இடைவெளி பெரிதாக இருந்தால் நடுவில் இருக்கும் இருவரை மாற்றிப் போடுவேன். பட்டியலைப் பிள்ளைகள் கண்ணில் காட்டுவதில்லை. ஒவ்வொரு அணியிலும் உள்ளவர்களின் பெயர்களை அகர வரிசையில் படித்துவிடுவேன்.

ஆட்டம் மூன்று சுற்று. முதல் சுற்றில் பேச்சு கிடையாது. பன்னிரண்டு சிறு கேள்விகள். ஒவ்வொருவரும் தன் தாளில் தானே எழுத வேண்டும். எழுத அரை நிமிடம், விடையைச் சொல்லி விளக்க அரை நிமிடம். தாள்களை அடுத்த அணியோடு மாற்றிக்கொண்டு திருத்துவார்கள். அணியின் மதிப்பெண், அதன் உறுப்பினர்கள் பெற்றவற்றின் சராசரி. அன்றைக்கு ஒரு நால்வர் அணி 11, 9, 8, 5 எடுத்தது. கூட்டினால் 33, சராசரி 8.25. மூவர் அணி 10, 9, 6 எடுத்தது. கூட்டினால் 25, சராசரி 8.33. கூட்டுத்தொகையைப் போட்டிருந்தால் மூவர் அணி எட்டு மதிப்பெண் பின்தங்கி, அந்த நிமிடமே ஆட்டத்தை விட்டிருக்கும். உண்மையில் அது ஒரு மயிரிழை முன்னால் இருந்தது.

சராசரிக்கு இன்னொரு நன்மையும் உண்டு. அணிகளைச் சமமாகப் பிரித்திருந்தால் முதல் சுற்று முடிவில் அவற்றுக்கிடையே பெரும்பாலும் ஒன்றிரண்டு மதிப்பெண்தான் வித்தியாசம் இருக்கும். யாரும் தோற்றுவிட்டதாக நினைக்கமாட்டார்கள். கடைசிச் சுற்றுவரை ஆவலைத் தக்கவைக்கப் பரபரப்பான தந்திரம் எதுவும் தேவைப்படாது.

இரண்டாம் சுற்றில் எட்டுக் கேள்விகள், கேள்விக்கு இரண்டு மதிப்பெண். இங்கே பேசலாம், பேசியே ஆக வேண்டும். கேள்வியைப் படித்தபின் ஒரு நிமிடம் அணிக்குள் விவாதிப்பார்கள். பிறகு நான் பெட்டியிலிருந்து ஒரு சீட்டு எடுப்பேன். அதில் ஒரு நிறம் இருக்கும். ஒவ்வொரு அணியிலும் அந்த நிறத்துக்குரியவர் மட்டும் எழுந்து, யாருடைய உதவியும் இல்லாமல் அரை நிமிடத்தில் சிலேட்டில் விடையை எழுத வேண்டும். நான்கு சிலேட்டுகளும் ஒன்றாக உயரும். யார் எழுதப்போகிறார் என்று முன்கூட்டியே தெரியாததால், விவாத நேரத்தில் கெட்டிக்காரப் பிள்ளை தானே முடித்துவிட்டு அமைதியாக இருக்க முடியாது. மற்ற மூவருக்கும் புரியவைத்தே ஆக வேண்டும். இந்த ஒரு நிமிடச் சலசலப்பில் நடக்கும் கற்பித்தலை என்னால் செய்ய முடியாது. "அடேய், மின்தடை பல்புக்குள் இருக்கிறது, அது எப்படி மாறும்?" என்று ஒரு பையன் இன்னொருவனிடம் சீறுவது, நான் மூன்று முறை கரும்பலகையில் எழுதியதைவிட ஆழமாக இறங்கும்.

நிறங்களை எப்படிக் கொடுப்பது என்பதில்தான் நியாயத்தின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. குலுக்கிக் கொடுத்தால், சிவப்பு என்று கூப்பிட்டதும் ஒரு அணியிலிருந்து முதல் இடத்துப் பெண்ணும் மற்றொரு அணியிலிருந்து பதினைந்தாம் இடத்துப் பையனும் எழுந்து நிற்கக்கூடும். அது போட்டியே இல்லை. 1970-களில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டிவ்ரீஸ், எட்வர்ட்ஸ் ஆகியோர் உருவாக்கிய அணிப் போட்டி முறையில், ஒவ்வொரு அணியிலிருந்தும் ஒத்த திறனுடையவர்களைத்தான் ஒரே மேசையில் மோதவிடுவார்கள். அதன் சாரத்தை நான் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு அணியிலும் மேல் இடத்தவருக்கு ஒரு நிறம், அடுத்தவருக்கு ஒரு நிறம் என்று போகும். சிவப்பு என்றால் 1, 2, 3, 4 ஆகிய இடத்தார் எழுவார்கள். மஞ்சள் என்றால் 15, 14, 13, 12. நீலத்துக்கு 5, 6, 7, பச்சைக்கு 9, 10, 11. மூவர் அணியில் எட்டாம் இடத்தவர் நீலம், பச்சை இரண்டையும் ஏற்பார். இரு கூட்டத்துக்கும் நடுவில் இருப்பவர் என்பதால் அது பொருந்திவருகிறது. பதினைந்தாம் இடத்துப் பிள்ளையும் தன் அணிக்கு முழு இரண்டு மதிப்பெண் வாங்கித் தரும் வாய்ப்பு இதில் மட்டுமே உண்மையானதாகிறது.

எண் கொடுக்காமல் நிறம் கொடுப்பதற்கும் காரணம் உண்டு. நான்கு என்றால் கடைசி என்று பிள்ளைகள் நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள். நிறத்தையும் கூர்மையான பிள்ளைகள் சில வாரங்களில் மோப்பம் பிடித்துவிடுவார்கள் என்பதால், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நிறங்களின் வரிசையை மாற்றுகிறேன். சீட்டுகள் நிறத்துக்கு மூன்று வீதம் பன்னிரண்டு. எடுப்பது எட்டு மட்டுமே. நிறத்துக்கு இரண்டு வீதம் எட்டுச் சீட்டு மட்டும் போட்டால், கடைசிக் கேள்வியில் எந்த நிறம் மிச்சம் என்பது எண்ணிவரும் எல்லோருக்கும் தெரிந்துபோகும். அந்த நிறத்துக்குரியவர் மட்டும் கேட்பார், மற்றவர்கள் தண்ணீர் குடிக்கப் போவார்கள்.

மூன்றாம் சுற்றில் நான்கே கணக்குகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு மதிப்பெண். அணி சேர்ந்து ஒரே தாளில் படிப்படியாக எழுத வேண்டும். நான்கு நிமிடம் எழுத, மூன்று நிமிடம் விளக்க. ஆக முதல் சுற்றுக்கு 12, இரண்டாம் சுற்றுக்கு 16, மூன்றாம் சுற்றுக்கு 16, மொத்தம் 44. நேரமும் முறையே 12, 20, 28 நிமிடங்கள், ஒரு மணி நேரத்தில் அடங்கும். இடைவெளி, சச்சரவு, வடை எல்லாம் சேர்த்தால் ஒன்றரை மணி.

இந்த 12, 16, 16 என்ற பங்கீடு வேண்டுமென்றே போட்டது. பொதுவாகக் கண்ணில் படும் பங்கீடு வேறு மாதிரி இருக்கும். பத்துக் கேள்விக்குப் பத்துப் பத்து மதிப்பெண், அடுத்து ஐந்து கேள்விக்கு முப்பது, இறுதியாக ஒரே ஒரு கேள்விக்கு நூறு. கடினமானதற்கு அதிகம் தருவது நியாயம்தானே என்று தோன்றும். ஆனால் அங்கே கடைசி ஒரு கேள்வி, முதல் சுற்று முழுவதற்கும் சமம். முதல் பத்துக் கேள்விகளைக் கவனமாகச் செய்தவர்களிடம், 'அதெல்லாம் கணக்கில் இல்லை' என்று சொல்வதற்கு அது ஒப்பாகும். நான் பார்ப்பது கேள்வியின் மதிப்பை அல்ல, சுற்றின் மொத்த மதிப்பை. கேள்வி கடினமாக ஆக எண்ணிக்கை குறையும், ஒன்றின் மதிப்பு கூடும், சுற்றின் மொத்தம் ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

இன்னொன்று, மதிப்பு கூடிய கேள்வியை ஊகத்தால் வெல்ல முடியக்கூடாது. என் மூன்றாம் சுற்றுக் கேள்வி ஒன்றைப் பாருங்கள். 220 வோல்ட்டுக்கென்று செய்யப்பட்ட 100 வாட், 60 வாட் குண்டு பல்புகள் இரண்டை 220 வோல்ட்டில் தொடர் இணைப்பில் இணைத்தால் எது அதிகமாக ஒளிரும்? இதை இப்படியே கேட்டு நான்கு மதிப்பெண் கொடுத்தால், ஒன்றும் தெரியாமல் காசு சுண்டிப் போட்ட அணிக்கும் பாதி வாய்ப்பு. சராசரியாக இரண்டு மதிப்பெண் அதற்குச் சும்மா கிடைக்கும், இரண்டாம் சுற்றில் மல்லுக்கட்டி வாங்கும் ஒரு முழுக் கேள்விக்குச் சமமாக. ஆகவே விடைக்குத் தனியே மதிப்பெண் கிடையாது, படிகளுக்குத்தான். இரு பல்புகளின் மின்தடையைக் கண்டுபிடித்தால் ஒன்று: 220-ஐ 220-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்தால் 484 ஓம், 60-ஆல் வகுத்தால் சுமார் 807 ஓம். தொடர் இணைப்பில் மின்னோட்டம் இரண்டிலும் ஒன்றே என்று எழுதி அதைக் கண்டால் ஒன்று: 220-ஐ 1291-ஆல் வகுக்க, சுமார் 0.17 ஆம்பியர். இரண்டின் மின்திறனையும் கண்டால் ஒன்று: சுமார் 14 வாட், 23.4 வாட். அதிக மின்தடை உள்ளதில்தான் அதிகத் திறன் செலவாகிறது, எனவே 60 வாட் பல்பே அதிகம் ஒளிரும் என்று காரணத்தோடு முடித்தால் ஒன்று. கணக்கிடும்போது 0.17 என்று முன்னதாகவே சுருக்கினால் 23.3 வரும், அதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். இதை விடைத்தாளிலேயே முன்கூட்டிக் குறித்துவைப்பேன்.

இந்தக் கணக்கில் ஒரு வரி கட்டாயம் சேர்க்க வேண்டும்: 'மின்தடை வெப்பநிலையால் மாறாது எனக் கொள்க.' உண்மையான டங்ஸ்டன் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை வெகுவாகக் குறைவு. மங்கலாக எரியும் பல்பில் 484 ஓம் இருக்காது. வகுப்பில் யாராவது ஒருவர் இதைச் சொல்லத்தான் செய்வார், அவர் சொல்வதும் சரி. நிபந்தனை கேள்வியில் எழுதப்படாவிட்டால் அவருக்கு மதிப்பெண் தருவதா, மறுப்பதா என்று ஆட்டம் நின்றுவிடும்.

ஆட்டம் நிற்பதெல்லாம் பெரும்பாலும் இத்தகைய அரைகுறைக் கேள்விகளால்தான். மின்னழுத்தம், மின்னோட்டம் வரைபடத்தின் சாய்வு எதைக் குறிக்கும் என்று கேட்டால், எந்த அளவு எந்த அச்சில் என்று சொல்லியாக வேண்டும். மின்னோட்டம் கிடை அச்சில் இருந்தால் சாய்வு மின்தடை, மாறிப்போனால் அதன் தலைகீழ். 220 வோல்ட்டில் ஓடும் 1 கிலோவாட் இஸ்திரிப் பெட்டிக்கு 3, 5, 10 ஆம்பியர் ஃப்யூஸ்களில் எது என்ற கேள்வியில் அன்று ஒரு பெரிய வழக்கே நடந்தது. மின்னோட்டம் சுமார் 4.55 ஆம்பியர் என்று நான்கு அணியும் கண்டுபிடித்துவிட்டன. மூன்று சிலேட்டில் 5, ஒன்றில் 10.

"மிஸ், பத்து போட்டாலும் பெட்டி ஓடும்தானே? ஃப்யூஸ் உருகாது" என்றாள் 10 எழுதிய பெண்.

"பெட்டியில் பழுது வந்து எட்டு ஆம்பியர் பாய்ந்தால்?" என்றேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போதும் உருகாது" என்று அவளே சிலேட்டைக் கீழே வைத்தாள். கேள்வித்தாளில் 'பாதுகாப்புக்கு மிகப் பொருத்தமான' என்ற சொற்கள் இருந்ததால் தீர்ப்பு எளிதாயிற்று. மின்னோட்டத்தைச் சரியாகக் கண்டதற்கு ஒன்று, ஃப்யூஸைச் சரியாகத் தேர்ந்ததற்கு ஒன்று என்று பிரித்திருந்ததால் அவள் அணிக்கும் ஒரு மதிப்பெண் கிடைத்தது. அலகு எழுதாவிட்டால் என்ன குறையும் என்பதையும் இப்படியே ஆட்டத்துக்கு முன்பே அறிவித்துவிட வேண்டும். நடுவில் உருவாகும் விதி எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், அதனால் இழந்த அணிக்கு அது சதியாகவே தெரியும்.

வேகத்துக்கு மதிப்பெண் தருவதில்லை. அது கையெழுத்து வேகத்தை அளக்கும், அதோடு யோசித்துக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பாதியில் நிறுத்தச் செய்யும். தவறுக்கு மதிப்பெண் கழிப்பதும் இல்லை. பொதுத்தேர்வில் அது கிடையாது என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியம், கழித்தால் சந்தேகமுள்ள பிள்ளை வெற்றுத்தாளைக் காட்டும். எனக்கு வெற்றுத்தாளால் பயனில்லை. தவறான விடைதான் எங்கே பிசகுகிறது என்று எனக்குக் காட்டுகிறது.

இங்கேதான் கடினம் ஏறும் சுற்றுகளுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. மூன்று சுற்றுக்கும் தனித்தனியே கேள்விகளைத் தேடாமல், ஒரே கருத்தை மூன்று படியாக அடுக்குகிறேன். மின்திறனை எடுத்துக்கொள்வோம். முதல் படி: மின்சாரம் குறைந்து பல்பு மங்கலாக எரிகிறது. திறன், மின்னோட்டம், மின்தடை ஆகியவற்றில் மாறாததாக நாம் கொள்வது எது? மின்தடை. இரண்டாம் படி: 220 வோல்ட், 100 வாட் பல்பை 110 வோல்ட்டில் எரித்தால் எத்தனை வாட்? அழுத்தம் பாதியானால் மின்னோட்டமும் பாதி, எனவே திறன் கால்பங்கு, 25 வாட். மூன்றாம் படிதான் மேலே சொன்ன தொடர் இணைப்புக் கணக்கு. இரண்டாம் படியில் சிலேட்டுகள் உயரும்போது 50 என்ற எண்ணை நான் எதிர்பார்த்தே நிற்பேன், அன்றும் இரண்டு சிலேட்டில் இருந்தது. 50 எழுதியவர்கள் மின்னோட்டம் மாறாது என்று நினைத்துவிட்டார்கள். முதல் படியில் மின்தடை என்று சரியாக எழுதிய பிள்ளையே இங்கே 50 எழுதினால், அவருக்கு வாக்கியம் மனப்பாடம், பொருள் இன்னும் ஏறவில்லை என்று அர்த்தம். தனித்தனிக் கேள்விகளில் இந்த முறிவு எந்த இடத்தில் என்று தெரியாது.

படி உண்மையிலேயே படியாக இருக்கிறதா என்பதைக் கேள்வி போடுபவரின் மனம் மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எனக்கு எளிது என்பது இருபது வருடப் பழக்கம். ஆகவே கேள்விகளைப் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருவரிடம் முன்கூட்டியே கொடுத்துப் பார்ப்பேன். அவர்களே தடுமாறினால் அந்தக் கேள்வி ஒரு சுற்று மேலே போகும். ஆட்டத்தின் போதும் ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை பேர் சரி என்று ஓரத்தில் குறித்துக்கொள்கிறேன். முதல் சுற்றுக் கேள்விக்குப் பதினைந்தில் பத்துப் பன்னிரண்டு பேராவது சரியாக எழுத வேண்டும். எல்லோரும் சரி என்றால் அது கேள்வியே இல்லை. பாதிப் பேருக்கும் குறைவு என்றால் அது முதல் சுற்றுக்குரியது இல்லை. அன்று ஒரு யூனிட் மின்சாரம் எத்தனை ஜூல் என்பதை வெறும் மனப்பாடம்தானே என்று முதல் சுற்றில் வைத்திருந்தேன். 36 லட்சம் ஜூல் என்று எழுதியவர்கள் ஆறே பேர். மற்றவர்கள் ஆயிரத்தை அறுபதால் பெருக்கி நின்றிருந்தார்கள், வினாடியாக மாற்றும் கடைசிப் பெருக்கல் விட்டுப்போயிற்று. அடுத்த ஆட்டத்தில் அது இரண்டாம் சுற்றுக்குப் போயிற்று. மாறாக, ஒரு கம்பியை ஐந்து சம துண்டாக வெட்டிப் பக்க இணைப்பில் சேர்த்தால் மின்தடை எத்தனை மடங்கு குறையும் என்ற இரண்டாம் சுற்றுக் கேள்விக்கு நான்கு சிலேட்டிலும் 25 வந்தது. பாடநூலில் உள்ள கேள்வி, எல்லோருக்கும் எண்ணே நினைவிருந்தது. அதை ஐந்தை நான்காக்கிக் கேட்டால்தான் யாருக்குக் காரணம் தெரியும் என்பது வெளிவரும்.

சமநிலை வந்தால் என்ன செய்வது என்பதும் கையில் இருக்க வேண்டும். நான் வைத்திருப்பது ஒரு மதிப்பீட்டுக் கேள்வி: நூறு மீட்டர் நீளம், ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பு உள்ள செம்புக் கம்பியின் மின்தடை என்ன? தாளில் கணக்குப் போடாமல் இருபது வினாடிக்குள் ஓர் எண்ணை எழுத வேண்டும், அருகில் வந்தவர் வென்றார். பாடநூல் தரும் மின்தடை எண்ணை வைத்தால் விடை 1.62 ஓம். நூறு, ஆயிரம் என்றெல்லாம் எழுதுவார்கள். அருகாமை என்பதைக் கழித்துப் பார்க்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள், எத்தனை மடங்கு என்று பார்ப்பதா என ஒரு வக்கீல் பிள்ளை கேட்கும்.

ஆட்டம் முடிந்தபின் வெற்றி பெற்ற அணிக்கு முதலில் வடை எடுக்கும் உரிமை, அவ்வளவுதான் பரிசு. பரிசு பெரிதானால் தீர்ப்புகளுக்கான சண்டையும் பெரிதாகும். எனக்கு வேலை அதற்குப் பிறகுதான் இருக்கிறது. முதல் சுற்றுத் தாள்கள் பதினைந்தையும், சிலேட்டு விடைகளைக் குறித்துவைத்த தாளையும் வைத்துக்கொண்டு, எந்தக் கருத்து எந்தப் படியில் முறிந்தது, யாருக்கு முறிந்தது என்று எழுதுகிறேன். அடுத்த ஞாயிறு வகுப்பு தொடங்கியதும், அணி இல்லை, மதிப்பெண் பலகை இல்லை, அவரவர் தாளில் ஐந்தே கேள்விகள். எண்கள் மட்டும் மாறியிருக்கும். 60 வாட் பல்பை 110 வோல்ட்டில் எரித்தால்? சென்ற வாரம் 50 எழுதிய சிலேட்டுக்காரர்கள் இருவரில் ஒருவன் 15 என்று எழுதியிருந்தான். மற்றவன் 30. அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, மின்தடையிலிருந்து மறுபடி தொடங்கினோம்.